மார்கழிக் குளிரும் சளி மாத்திரையும்

மலையில் பனி இறங்கினால் ஜலதோஷமும் வந்துவிடும். மருந்துக்கடையில் “சளி மாத்திரை ரெண்டு குடுங்க” என்று கேட்டால் கிடைக்கும் அட்டையில் பெரும்பாலும் மூன்று மருந்துகள் சேர்ந்திருக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், மூக்கொழுகலுக்குக் குளோர்பெனிரமின், மூக்கடைப்புக்கு ஃபீனைல்எஃப்ரின். இளவயதுக்காரருக்கு இதனால் கொஞ்சம் தூக்கம் வரும், அவ்வளவுதான். அறுபதைத் தாண்டி, சிறுநீர் மெல்லிசாகப் போவதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கும் ஒருவருக்கு அதே மாத்திரை அன்றிரவே நீரை முழுவதுமாக அடைத்துவிடக்கூடும்.

காரணம் இதுதான். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல் புராஸ்டேட் சுரப்பி இருக்கிறது. வாலிபத்தில் ஒரு நெல்லிக்காய் அளவு, சுமார் 20 கிராம். வயது ஏற ஏற அதன் உள்பகுதி பருத்து, நடுவில் போகும் குழாயை நெருக்குகிறது. அந்தச் சுரப்பியிலும் சிறுநீர்ப்பையின் வாயிலும் நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத தசைகள் இருக்கின்றன. குளிர் பட்டால் அவை இறுகும். மூக்கின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி அடைப்பைத் திறக்கும் ஃபீனைல்எஃப்ரின் இங்கேயும் வந்து அதே தசைகளை இறுக்குகிறது. குளோர்பெனிரமின், சிறுநீர்ப்பை அழுத்தித் தள்ளும் பலத்தைக் குறைக்கிறது. வாசல் இறுகியிருக்கும்போதே தள்ளுகிற கையும் தளர்ந்துவிடுகிறது. குளிரில் வியர்வை இல்லாததால் நீரும் அதிகமாகச் சுரக்கும். அதன்மேல் ஒரு குவார்ட்டரும் போட்டுவிட்டுப் படுத்தால் பை நிறைவது இன்னும் வேகமாகும்.

ஆனால் ஒரு மாத்திரைக்கே அடைத்துக்கொள்ளும் நிலை ஒரே நாளில் வருவதில்லை. அதற்கு முன்னால் மூன்று நான்கு வருடங்கள் ஓடியிருக்கும். அந்த வருடங்களில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறு தேயிலை விவசாயியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வயது 66. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கொழுந்து மூட்டையைத் தானே தோளில் போட்டுக் கொள்முதல் இடம்வரை தூக்கிக்கொண்டு வருபவர். மூன்று வருடங்களுக்கு முன் அவர் கவனித்த முதல் மாற்றம், நின்றால் உடனே நீர் வரவில்லை, கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு பீச்சும் வேகம் குறைந்தது. முன்பு இரண்டடி தள்ளி விழுந்தது இப்போது செருப்பில் விழுந்தது. முடிந்துவிட்டது என்று வேட்டியைச் சரிசெய்த பிறகும் சொட்டியது. வெள்ளை வேட்டியை விட்டு அடர்நிறக் கால்சட்டைக்கு மாறினார். மேட்டுப்பாளையத்துக்கு பஸ் ஏறும் நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். இரவில் நான்கு முறை எழுந்தார். கழிப்பறை வீட்டுக்கு வெளியே. அந்த நேரத்தில் தோட்டத்துக்குள் காட்டுமாடும் கரடியும் நடமாடும் ஊர் அது. அதனால் திண்ணையில் ஒரு வாளி வைத்துக்கொண்டார். மனைவி கேட்டபோது “தூக்கம் வரல” என்றார்.

அவர் ஏன் சொல்லவில்லை? வெட்கம் என்று ஒரே வார்த்தையில் முடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவருக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. சிறுநீர் போகும் உறுப்பும் ஆண்மைக்கான உறுப்பும் ஒன்றே. பீச்சும் வேகம் குறைந்ததை அவர் வீரியம் குறைந்ததாகவே எடுத்துக்கொள்கிறார். “விந்து விட்டான் நொந்து கெட்டான்” என்று சின்ன வயதில் கேட்டது மனதில் இருக்கிறது. வாலிபத்தில் செய்தது இப்போது வந்து நிற்கிறது, சொன்னால் அதுவும் சேர்ந்து வெளியே வரும் என்று நினைக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனால் பின்வழியில் விரல் விட்டுப் பார்ப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய பயம், ஆபரேஷன் செய்தால் ‘அது’ போய்விடும் என்பது. வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர் ஒரு பெண், அதுவும் தெரிந்த வீட்டுப் பெண். அவரிடம் எப்படிச் சொல்வது?

இந்தக் கணக்கில் முதல் வரியே தவறு. ஆண் ஹார்மோன் இல்லாத உடம்பில் இந்தச் சுரப்பி பெருப்பதே இல்லை. பருவம் வருவதற்கு முன்பே விரை செயலிழந்தவர்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் வருவதில்லை. வயதும் டெஸ்டோஸ்டிரோனும் சேர்ந்தால்தான் அது வளரும். வாலிபத்தில் என்ன செய்தார், எத்தனை முறை செய்தார் என்பதற்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. நீர் மெலிந்து போவது ஆண்மை வடிந்துபோனதன் அடையாளம் அல்ல, வழி நெருங்கியதன் அடையாளம்.

சொல்லத் துணிந்தவர்களும் பாதிதான் சொல்கிறார்கள். “உடம்பு சூடா இருக்கு டாக்டர்”, “நீர்க்கடுப்பு மாதிரி இருக்கு” என்பார்கள். கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் அதைக் கேட்கும் மருத்துவர், எரிச்சலைத் தணிக்கும் இனிப்பு சிரப் ஒன்றை எழுதிக் கொடுத்துவிடுவார். அவர் கேட்ட நோய்க்கு அதுதான் மருந்து. நெருஞ்சில் கஷாயமும் இப்படித்தான் வீட்டுக்குள் வருகிறது. நீரை அதிகமாக்குவது அடைப்பைத் திறக்காது, நிறைந்த பையை இன்னும் நிறைக்கும். இதைவிடத் தீங்கானவை விடுதி அறையில் தங்கி ‘நரம்புத் தளர்ச்சி’ பார்ப்பவர்கள் கொடுக்கும் பெயரில்லாப் பொடிகள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமலே இரண்டு வருடம் சாப்பிடுகிறார்கள், அதற்குள் சிறுநீர்ப்பை கெட்டுப்போகிறது.

ஆகவே மருத்துவரிடம் சொல்ல வேண்டியது இப்படி இருக்க வேண்டும்: “மூத்திரம் வர நேரமாகுது. வேகம் இல்ல. விட்டு விட்டு வருது. போனப்புறமும் மிச்சம் இருக்கிற மாதிரி இருக்கு. ராத்திரி நாலு தடவை எந்திரிக்கிறேன்.” இந்த வாக்கியங்களில் பெரும்பாலானவை மருத்துவர் கையில் இருக்கும் கேள்விப்பட்டியலுக்கு நேராகப் போய்ப் பொருந்தும். அதில் ஏழு கேள்விகள், மொத்தம் 35 மதிப்பெண். 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20-உம் அதற்கு மேலும் கடுமையானது. நம் விவசாயியை முதல் வருடமே கேட்டிருந்தால் 10 அல்லது 12 வந்திருக்கும். அந்தக் கட்டத்தில் தினம் ஒரு மாத்திரை போதுமானதாக இருந்திருக்கும்.

வாயால் சொல்ல முடியாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, ஒரு தாள். 500 மில்லி அளவுக்குவளை ஒன்றை வாங்கி, மூன்று நாள், பகலும் இரவும், ஒவ்வொரு முறை போகும்போதும் மணியையும் அளவையும் எழுதி வைக்க வேண்டும். குடித்த தண்ணீர், டீ எல்லாவற்றையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். அந்தத் தாள் பேசும். ஒவ்வொரு முறையும் 80, 100 மில்லிதான் போகிறது என்றால் பை காலியாவதில்லை, அல்லது பொறுக்க முடியாத அளவுக்குப் பை எரிச்சலுற்றிருக்கிறது. இரவில் மட்டும் ஒவ்வொரு முறையும் 400 மில்லி போகிறது என்றால் புராஸ்டேட்டைவிடச் சர்க்கரையையும் கால் வீக்கத்தையும் இதயத்தையும் முதலில் பார்க்க வேண்டியிருக்கும். பேச்சில்லாமல் மேசைமேல் வைத்துவிடலாம் என்பதால், கூச்சப்படும் ஆண்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பின்வழிச் சோதனையைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இடப்பக்கமாகப் படுத்து முழங்காலை நெஞ்சுப் பக்கம் மடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். கையுறை, மேலே வழவழப்பான ஜெல். விரலை உள்ளே விட்டால் முன்பக்கச் சுவரில் புராஸ்டேட் தட்டுப்படும். மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகாது. மூத்திரம் வருவதுபோல் ஓர் உணர்வு வரும், அது இயல்பு. ரப்பர் பந்துபோல் வழுவழுப்பாக இருந்தால் சாதாரண வீக்கம். ஓரிடத்தில் கல்போல், முண்டாக இருந்தால் புற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டும். அந்த வேறுபாடு சாதாரண வயிற்று ஸ்கேனில் பல நேரம் தெரியாது, விரலுக்குத் தட்டுப்படலாம். பெண் மருத்துவரோ நர்ஸோ இருந்து, சங்கடமாக இருந்தால் ஆண் மருத்துவரைக் கேட்கலாம். கேட்பது தவறில்லை, ஆனால் அவர் இல்லை என்பதற்காகத் திரும்பி வந்துவிடக் கூடாது.

இனி அந்த இரவு. மார்கழி, நம் விவசாயிக்கு ஜலதோஷம், மாலையில் ஒரு சளி மாத்திரை, படுக்கப்போகும்போது இன்னொன்று. ஒரு மணிக்கு எழுந்தார். வரவில்லை. இரண்டு மணிக்கும் வரவில்லை. முக்கினார், சொட்டுக்கூட இல்லை. அடிவயிறு தேங்காய்போல் புடைத்துக்கொண்டது. வலியில் வியர்த்தது. அப்போதும் “விடியட்டும்” என்றார். மனைவிதான் பக்கத்து வீட்டுப் பையனை எழுப்பி 108-க்குப் போன் செய்யச் சொன்னார்.

நீர் அடைத்து, வயிறு புடைத்து, வலி இருந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கோயம்புத்தூருக்கு நேராக இறங்கவும் வேண்டியதில்லை. மலைப்பாதையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த வலியோடு குலுங்கிப் போவது கொடுமை. குழாய் போட்டு நீரை வடிப்பது அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலேயே செய்யக்கூடிய வேலை. சிறுநீரக சிறப்பு மருத்துவரைப் பிறகு பார்க்கலாம்.

குழாய் போடுவதில் என்ன தவறு நடக்கலாம் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 14 அல்லது 16 அளவு ஃபோலி குழாய். முதலில் மரப்பு ஜெல்லைச் செலுத்திச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டால் வலியில் தசை இன்னும் இறுகும். குழாய் முழுவதும் உள்ளே போய், சிறுநீர் வந்த பிறகுதான் அதன் நுனியிலுள்ள பலூனில் 10 மில்லி தண்ணீர் ஏற்ற வேண்டும். சிறுநீர் வருவதற்கு முன்பே பலூனை ஊதினால் அது புராஸ்டேட்டுக்குள்ளேயே விரிந்து கிழித்து ரத்தம் கொட்டும். முடிந்ததும் பின்தள்ளிய முன்தோலை மறக்காமல் முன்னுக்கு இழுத்துவிட வேண்டும். மறந்தால் சில மணி நேரத்தில் அது இறுகி நுனி வீங்கிவிடும். இதை நோயாளியோ வீட்டாரோ பார்த்துக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். குழாயோடு இணைத்த, நீர் சேரும் பிளாஸ்டிக் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், மேலே தூக்கினால் பழைய நீர் உள்ளே திரும்பும்.

அவருக்கு வடிந்தது 900 மில்லி. சாதாரணமாக 400 முதல் 500 மில்லி வரும்போதே நமக்கு அவசரம் தாங்காது. ஸ்கேனில் சுரப்பி 52 கிராம். மறுநாள் மகன் ஒரு தனியார் ஆய்வகத்தில், புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை செய்துவிட்டார். 14 என்று வந்தது. இணையத்தில் தேடிப் பார்த்த குடும்பம் புற்றுநோய் என்று அழுதது. நீர் அடைத்தாலும், கிருமித் தொற்று வந்தாலும், குழாய் போட்டாலும் பி.எஸ்.ஏ. ஏறும். அந்த நேரத்தில் எடுத்த எண்ணை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ஆறு வாரம் போல விட்டு எடுக்க வேண்டும்.

அன்றே தாம்சுலோசின் 0.4 மில்லிகிராம், இரவு சாப்பாட்டுக்குப் பின், தினம் ஒன்று என்று தொடங்கினார்கள். அது சுரப்பியைச் சுருக்காது, இறுகிய தசையைத் தளர்த்தும். ரத்த அழுத்த மாத்திரையும் சேரும்போது எழுந்தவுடன் தலை சுற்றலாம். ஆகவே இரவில் எழுந்ததும் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நடக்க வேண்டும். கண்புரை அறுவைக்குப் போவதாக இருந்தால் இந்த மாத்திரை சாப்பிடுவதைக் கண் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கண்ணின் கருவிழிப்படலத்தையும் அது தளர்த்துவதால் அறுவையின்போது சிக்கல் வரும்.

மூன்றாம் நாள் குழாயை எடுத்துப் பார்த்தார்கள். 80 மில்லி போனது, உள்ளே 400 மில்லி மிச்சம் நின்றது. மறுபடி குழாய். பத்து நாள் கழித்து இன்னொரு முயற்சி, அதுவும் தோற்றது. மூன்று வருடம் அடைத்த வாசலில் முட்டி முட்டித் தள்ளிய தசை களைத்துப்போயிருந்தது. தாமதத்தின் விலை இதுதான். அவருக்குப் பரவாயில்லை, வலித்தது, அதனால் வந்தார். வலியே இல்லாத வகையும் உண்டு. பை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து ஒன்றரை, இரண்டு லிட்டர்வரை தேங்கி நிற்கும். நிறைந்து வழிவது மட்டும் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருக்கும். வயதான ஆண் புதிதாகப் படுக்கையை நனைக்கத் தொடங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். அந்த மனிதர் அதை யாரிடமும் சொல்லமாட்டார், தனி அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொள்வார். அதற்குள் அழுத்தம் மேலேறிச் சிறுநீரகம் கெடும், கிரியாட்டினின் ஏறும். துணி துவைக்கும் மனைவிக்குத்தான் இது முதலில் தெரியும். அவர் வாயைத் திறந்தால் ஒரு சிறுநீரகம் தப்பும்.

அறுவை என்றதும் நம் விவசாயி குழாயோடே இருந்துவிடுகிறேன் என்றார். பேத்தி கல்யாணத்தில் வேட்டிக்குள் பையோடு நின்றாலும் நிற்பாராம், ‘அது’ போகக் கூடாதாம். இங்கே மருத்துவர் அவசரப்படாமல் பேச வேண்டும். ‘அது’ என்பது ஒன்றல்ல, மூன்று. ஆசை, விறைப்பு, வெளியேறுதல். ஆசைக்கு ஆதாரம் விரையில் சுரக்கும் ஹார்மோன். விறைப்புக்கு ஆதாரம் ரத்த ஓட்டமும், புராஸ்டேட்டின் வெளிப்புறத்தை ஒட்டி ஓடும் நரம்புகளும். விந்து வெளியேறுவதற்குச் சிறுநீர்ப்பையின் வாய் அந்த நொடியில் இறுக மூடிக்கொள்ள வேண்டும்.

இப்போது ஒவ்வொரு சிகிச்சையும் எதைத் தொடுகிறது என்று பார்க்கலாம். தாம்சுலோசின் மூன்றாவதை மட்டும் தொடும். விந்து குறையலாம், வராமலும் போகலாம், மாத்திரையை நிறுத்தினால் திரும்பிவிடும். சுரப்பியைச் சுருக்கும் ஃபினாஸ்டெரைடு ஹார்மோனின் வேலையைத் தடுப்பதால் சிலருக்கு ஆசையையும் விறைப்பையும் குறைக்கும். பலன் தெரிய ஆறு மாதம் ஆகும், பி.எஸ்.ஏ. அளவையும் பாதியாகக் காட்டும். சாதாரண வீக்கத்துக்குச் செய்யும் டி.யு.ஆர்.பி. அறுவையில் வெளியே வெட்டு கிடையாது. முதுகில் ஊசி போட்டு, சிறுநீர்க்குழாய் வழியாகவே கருவியைச் செலுத்தி, உள்ளே பருத்த சதையை மட்டும் சீவி எடுப்பார்கள். விரையைத் தொடுவதில்லை, எனவே ஆசை அப்படியே இருக்கும். நரம்புகள் சுரப்பியின் வெளிப்புறம் இருப்பதால் விறைப்பு பெரும்பாலானவர்களுக்கு முன்பிருந்தபடியே இருக்கும். ஆனால் சிறுநீர்ப்பையின் வாய் அகன்றுவிடுவதால், செய்துகொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு விந்து வெளியே வராமல் பின்னோக்கிப் பைக்குள் போய்விடும், அடுத்த முறை சிறுநீரோடு கலங்கலாக வெளியேறும். இது நிரந்தரம். உடம்புக்குத் தீங்கில்லை, உச்சத்தின் சுகம் பெரும்பாலும் குறைவதில்லை. குழந்தை வேண்டும் என்பவருக்கு மட்டும் இது முக்கியமான செய்தி. முன்கூட்டியே சொல்லாமல் விட்டால், முதல் முறையே எதுவும் வராததைப் பார்த்து எல்லாம் போய்விட்டது என்று அவர் முடிவுகட்டிவிடுவார்.

ஊரில் பேசப்படும் பயத்துக்கும் ஓர் ஆதாரம் இருக்கிறது. முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆண் ஹார்மோனை நிறுத்த விரைகளை எடுப்பதுண்டு. அதில் ஆசை போகும். ஆரம்பநிலைப் புற்றுக்குச் சுரப்பியை முழுசாக எடுக்கும் அறுவையில் விறைப்பு பாதிக்கப்படலாம். யாரோ ஒருவருக்கு அப்படி நடந்ததைக் கேட்டவர்கள், எல்லா அறுவையும் அதுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ‘புராஸ்டேட் ஆபரேஷன்’ என்ற பெயர் ஒன்றுதான், வேலை வேறு.

இன்னொன்றும் உண்டு. அவருக்கு விறைப்பு ஏற்கெனவே குறைந்திருந்தது. அதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொன்னது நல்லதாயிற்று. வயதும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் நீர்க் கோளாறு, விறைப்புக் குறைவு இரண்டையும் சேர்ந்தே கொண்டுவரலாம். ஆரம்பத்திலேயே வருபவருக்குத் தினம் 5 மில்லிகிராம் தடாலஃபில் இரண்டுக்கும் சேர்த்து உதவலாம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர் மட்டும் அதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

ஆறாவது வாரம் பி.எஸ்.ஏ. 5-க்கு இறங்கியிருந்தது. குழாய் இருக்கும்வரை அது முழுசாக இறங்காது. விரலுக்குச் சுரப்பி வழுவழுப்பாகவே தட்டுப்பட்டது. சிறுநீரில் கிருமி பார்த்து, மருந்து கொடுத்து, அறுவை செய்தார்கள். மூன்றாம் நாள் குழாய் எடுத்ததும் நீர் தடையில்லாமல் போனது. முதல் சில வாரம் அவசரமும் எரிச்சலும் இருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். பத்தாவது நாளுக்குப் பிறகு, உள்ளே பொருக்கு உதிரும் நேரத்தில், ரத்தம் வரலாம். மலச்சிக்கலில் முக்குவதும் மூட்டை தூக்குவதும் மலைச்சாலையில் ஜீப்பில் குலுங்குவதும் அதைத் தூண்டும். ஆகவே ஆறு வாரம் கொழுந்து மூட்டையை மகன் தூக்கினார். கட்டி கட்டியாக ரத்தம் வந்து நீர் நின்றால் உடனே வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

சீவி எடுத்த சதையின் அறிக்கையில் புற்று இல்லை என்று வந்தது. இதோடு பார்க்க வேண்டியது முடிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. டி.யு.ஆர்.பி.யில் சீவுவது உள்பகுதியை, புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவது வெளிப்பகுதியில். அந்த வெளிப்பகுதி அப்படியே இருக்கிறது. தொடக்கத்தில் அது நீரை அடைக்காது, வலிக்காது. மூன்று மாதம் கழித்து அவருக்கு எடுத்த பி.எஸ்.ஏ. 1.2. இனி வரும் எண்களை ஒப்பிட வேண்டியது இதோடுதான் என்று மருத்துவர் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொடுத்தார். அந்தச் சீட்டை ரேஷன் கார்டோடு சேர்த்து மனைவி வைத்திருக்கிறார். பக்கத்தில் இன்னொரு சீட்டு, மருந்துக்கடையில் காட்டுவதற்கு: புராஸ்டேட் வீக்கம் உள்ளவர், மூக்கடைப்பு மருந்து சேர்ந்த சளி மாத்திரை வேண்டாம், பாராசிட்டமால் மட்டும்.